ஒரே மரத்தூள், இரண்டு கலோரி மதிப்பு: பாம் கலோரிமீட்டரில் எங்கே பிசகுகிறது?

மலர்விழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சீமைக்கருவேல மரத்தூளின் கலோரி மதிப்பை அளப்பது என் புராஜெக்டில் ஒரு பகுதி. எங்கள் துறையில் இருப்பது பழைய மாடல் பாம் கலோரிமீட்டர். எல்லாவற்றையும் கையால்தான் செய்ய வேண்டும். ஸ்டீல் குண்டுக்குள் மரத்தூள் வில்லை, 30 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன், குண்டைச் சுற்றி 2 லிட்டர் தண்ணீர் உள்ள வாளி, அதைச் சுற்றி காற்று இடைவெளி விட்டு வெளியுறை. வெப்பமானி 0.001 டிகிரி வரை காட்டும்.

முதல் நாள் 1.0236 கிராம் வில்லையை எரித்தேன். கிராமுக்கு 18.00 கிலோஜூல் வந்தது. மறுநாள் அதே டப்பாவில் இருந்த தூளை அழுத்தி எரித்தேன். 17.03 வந்தது. கருவி அதே, தண்ணீர் அளவு அதே, செய்த ஆளும் நான்தான். "சராசரி எடுத்து எழுதிவிடு" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டில் எது உண்மை? அல்லது இரண்டுமே தப்பா?

இன்னொரு அடிப்படைச் சந்தேகமும் இருக்கிறது. கடைசியில் என் கண்ணுக்குத் தெரிவது தண்ணீர் இரண்டு டிகிரிகூட ஏறவில்லை என்பது மட்டும்தான். மூடிய இரும்புக்குள் எரிந்த வெப்பம் முழுவதும் இதில் வந்துவிட்டது என்று எதை வைத்து நம்புவது?

---

செல்வம் எழுதியது:

இதில் குழம்ப என்ன இருக்கிறது? 2000 கிராம் தண்ணீர், அதை 4.18 ஆல் பெருக்கு, வெப்பநிலை உயர்வால் பெருக்கு, எரிபொருளின் எடையால் வகு. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு. முதல் நாள் எத்தனை டிகிரி ஏறியது என்று சொல்லுங்கள், போட்டுத் தருகிறேன்.

---

மலர்விழி எழுதியது:

திருத்தம் எல்லாம் போக 1.830 டிகிரி, அண்ணா.

---

செல்வம் எழுதியது:

அப்படியானால் 15,299 ஜூல். 1.0236 ஆல் வகுத்தால் 14.9 கிலோஜூல் வருகிறது. உங்களுக்கு 18 எப்படி வந்தது என்று புரியவில்லை. இரண்டு மதிப்புமே தப்பு என்றுதான் நினைக்கிறேன்.

---

அனல்நிலையம்_ஓய்வு எழுதியது:

செல்வம் தம்பி, நீங்கள் தண்ணீரை மட்டும் சூடாக்குகிறீர்கள். அந்தக் குண்டு சுமார் மூன்று கிலோ ஸ்டீல். வாளி, கலக்கி, வெப்பமானியின் நனைந்த பகுதி எல்லாமே தண்ணீரோடு சேர்ந்து அதே 1.830 டிகிரி ஏறுகின்றன. அவை எடுத்துக்கொண்ட வெப்பம் உங்கள் கணக்கில் இல்லை. அதனால்தான் 18 இருக்க வேண்டிய இடத்தில் 14.9 நிற்கிறது.

அனல் மின் நிலையத்தில் நிலக்கரி லேபில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான். பாம் கலோரிமீட்டர் வெப்பத்தை நேராக அளப்பதில்லை. ஒப்பிடுகிறது. வெப்பம் எவ்வளவு என்று மிகத் துல்லியமாகத் தெரிந்த ஒரு பொருளை முதலில் எரிக்கிறோம். அதுதான் பென்சாயிக் அமிலம், கிராமுக்கு 26,434 ஜூல். ஈரம் இழுக்காது, நன்றாக வில்லை பிடிக்கும், சுத்தமாக எரியும். அது எரிந்தபோது எத்தனை டிகிரி ஏறியது என்று பார்த்தால், "ஒரு டிகிரி ஏற்ற இந்தக் கருவி முழுவதற்கும் எத்தனை ஜூல் வேண்டும்" என்ற ஒற்றை எண் கிடைக்கும். ஸ்டீல் எத்தனை கிராம், அதன் வெப்ப ஏற்புத்திறன் என்ன, வாளி என்ன உலோகம் என்று எதையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் அடங்கிவிடும்.

மலர், உங்கள் கருவியின் அந்த எண் என்ன? பென்சாயிக் அமில ஓட்டத்தின் விவரத்தையும் போடுங்கள்ம்மா. அதைப் பார்க்காமல் மரத்தூளைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

---

மலர்விழி எழுதியது:

இதோ ஐயா. பென்சாயிக் அமில வில்லை 0.9985 கிராம். அதன் வெப்பம் 26,394 ஜூல். நிக்ரோம் பற்றவைப்புக் கம்பி 10 செ.மீ. கட்டினேன், 2.2 செ.மீ. மிச்சம் கிடைத்தது. எரிந்த 7.8 செ.மீ.க்கு 75 ஜூல். குண்டுக்குள் உண்டான நைட்ரிக் அமிலத்தைக் கழுவி எடுத்து டைட்ரேட் செய்ததில் 40 ஜூல். மொத்தம் 26,509. திருத்திய வெப்பநிலை உயர்வு 2.618 டிகிரி. வகுத்தால் டிகிரிக்கு 10,126 ஜூல்.

மரத்தூளுக்கும் அதே முறைதான். 1.830 × 10,126 = 18,531. இதில் கம்பிக்கும் அமிலத்துக்கும் சேர்த்து 105 கழித்து 1.0236 ஆல் வகுத்தேன். 18.00 வந்தது.

---

அனல்நிலையம்_ஓய்வு எழுதியது:

மிகச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். 10,126 நம்பக்கூடிய எண்தான். அதில் தண்ணீரின் பங்கு 8,360, மீதி 1,766 உலோகத்தினுடையது. 2 லிட்டர் வாளி உள்ள கருவிகளில் ஏறக்குறைய இப்படித்தான் வரும். ஆனால் பென்சாயிக் அமிலத்தை ஒருமுறை எரித்து நிறுத்தாதீர்கள். பல ஓட்டங்கள் எடுத்து அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகுதான் அந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டும்.

உங்கள் அடிப்படைச் சந்தேகத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வெப்பம் முழுவதும் தண்ணீருக்கு வந்ததா என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. பென்சாயிக் அமிலம் எரிந்தபோது எந்த அளவு வந்ததோ, மரத்தூள் எரியும்போதும் அதே அளவுதான் வரும். தீப்பொறிக்காக நாம் கொடுக்கும் மின்சாரம், கலக்கி சுற்றும் உராய்வு எல்லாம் இரண்டு ஓட்டத்திலும் ஒன்றுதான், கழிந்துவிடும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு ஓட்டத்துக்கும் இடையே எதையும் மாற்றக் கூடாது. தண்ணீரை அளவு ஜாடியில் ஊற்றாமல் தராசில் வைத்து எடை போடுங்கள். 10 கிராம் குறைந்தால் அந்த எண்ணில் 42 ஜூல் போய்விடும். விடையில் அது 0.4 சதவீதம்.

அடுத்ததாக, 1.830 என்பது எப்படி வந்தது? வெப்பமானி காட்டிய உச்சத்தில் இருந்து தொடக்கத்தைக் கழித்தீர்களா, குளிர்வுத் திருத்தம் போட்டீர்களா? புதியவர்கள் பெரும்பாலும் வழுக்குவது அங்கேதான்.

---

மலர்விழி எழுதியது:

திருத்தம் போட்டேன் ஐயா, ஆனால் செய்முறைக் குறிப்பேட்டில் இருந்ததை அப்படியே செய்தேன். ஏன் என்று புரிந்து செய்யவில்லை. என் அளவுகள்: பற்றவைப்பதற்கு முந்தைய ஐந்து நிமிடமும் நிமிடத்துக்கு 0.002 டிகிரி வீதம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தும்போது 27.412. ஏழு நிமிடம் கழித்து 29.235. அதன் பிறகு நிமிடத்துக்கு 0.0018 வீதம் இறங்கியது.

---

அனல்நிலையம்_ஓய்வு எழுதியது:

நல்ல அளவுகள். இதை வைத்தே விளக்கிவிடலாம்.

பொத்தானை அழுத்தியதும் வில்லை சில நொடிகளில் எரிந்து முடிந்துவிடும். ஆனால் அந்த வெப்பம் தடித்த ஸ்டீல் சுவரைத் தாண்டித்தான் தண்ணீருக்கு வர வேண்டும். அதனால் முதலில் வெப்பமானி அசையாது. அப்புறம் விறுவிறுவென்று ஏறும், பிறகு தளர்ந்து, ஆறேழு நிமிடத்தில் ஒரு சீரான போக்குக்கு வரும். இந்த ஏழு நிமிடமும் வாளி சும்மா இருக்கவில்லை. கலக்கி அதைச் சூடாக்குகிறது. வெளியுறை அதைவிடச் சூடாக இருந்தால் வெப்பம் உள்ளே வருகிறது, குளிர்ந்திருந்தால் வெளியே போகிறது. மரத்தூளோடு சம்பந்தமே இல்லாத இந்த வரவு செலவைக் கழித்துவிட வேண்டும்.

முன்பகுதியில் வாளி என்ன வேகத்தில் தானாக ஏறியது என்று தெரியும். பின்பகுதியில் என்ன வேகத்தில் இறங்கியது என்றும் தெரியும். நடுவில் எந்த நொடிவரை முதல் வேகம், எந்த நொடியில் இருந்து இரண்டாவது வேகம் என்பதுதான் கேள்வி. டிக்கின்சன் முறையில், மொத்த உயர்வில் 60 சதவீதம் எட்டிய நேரத்தை எல்லையாக வைப்பார்கள். உங்கள் உயர்வு 1.823. அதில் 60 சதவீதம் 1.094. ஆக, வெப்பமானி 28.506 தொட்ட நேரம் எது என்று பார்க்க வேண்டும். அது ஒன்றரை நிமிடம் என்றால்:

```
ΔT = (29.235 − 27.412) − (0.002 × 1.5) + (0.0018 × 5.5)
   = 1.823 − 0.003 + 0.010
   = 1.830
```

திருத்தம் மொத்தமே 0.007 டிகிரி. பார்க்க ஒன்றுமில்லை போல இருக்கும். 10,126 ஆல் பெருக்கினால் 71 ஜூல். உங்கள் கருவியில் 0.01 டிகிரி தவறினால் 100 ஜூல் தவறும் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். வெப்பமானி படிப்பதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பது தானே புரிந்துவிடும். மின்விசிறி நேராகக் கருவிமேல் படுகிறதா, ஜன்னல் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் பின்பகுதி வேகம் ஒரே சீராக இருக்காது. அளவுகளைத் தாளில் புள்ளி வைத்துப் பார்த்தால் நேர்கோடாக நிற்காமல் ஆடும். அந்த ஓட்டத்தைத் தள்ளிவிட வேண்டியதுதான்.

ஆனால் உங்கள் வேறுபாடு 0.97 கிலோஜூல். இந்தத் திருத்தத்தில் எவ்வளவு பிசகினாலும் அவ்வளவு வராது. காரணம் கருவியில் இல்லை, தூளில் இருக்கிறது என்று நினைக்கிறேன். முதல் நாள் ஈரப்பதம் எடுத்தீர்களா?

---

செல்வம் எழுதியது:

உலோகத்தின் பங்கு பற்றிச் சொன்னது சரிதான் ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. குண்டு மூடியிருக்கிறது, கன அளவு மாறாது. நாம் அளப்பது உள் ஆற்றல் மாற்றம், என்தால்பி இல்லை. அதை மாற்றாமல் எழுதினால் தப்பாகிவிடாதா?

---

அனல்நிலையம்_ஓய்வு எழுதியது:

கொள்கைப்படி நீங்கள் சொல்வது சரி. எரிவதற்கு முன்னும் பின்னும் வாயு மோல்களின் எண்ணிக்கை எவ்வளவு மாறுகிறதோ, அதை RT ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். பென்சாயிக் அமிலத்துக்கு 7.5 மோல் ஆக்சிஜன் உள்ளே, 7 மோல் கார்பன் டை ஆக்சைடு வெளியே. வேறுபாடு அரை மோல். மோலுக்கு 3,200 கிலோஜூலுக்கு மேல் வருகிற இடத்தில் அது 1.2 கிலோஜூல்தான். வெப்ப வேதியியல் அட்டவணை தயாரிப்பவர்களுக்கு அது முக்கியம். மலருக்கு ஒரு கிலோஜூல் ஏன் காணாமல் போனது என்பதற்கு அது விடையாகாது.

---

அரிசி_ஆலை_முருகேசன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் படித்த ஆள் இல்லை, இந்தக் கணக்கெல்லாம் பாதிதான் புரிகிறது. ஆனால் சீமைக்கருவேலம் என்றதும் நின்று படித்தேன். எங்கள் புழுங்கல் அரிசி ஆலையில் கொதிகலனுக்கு அந்த விறகுதான். விற்கிறவர் லேப் ரிப்போர்ட் ஒன்று காட்டுகிறார். கிலோவுக்கு 4,600 கிலோகலோரி என்று இருக்கிறது. அதை நம்பி நீராவிக் கணக்குப் போட்டால் விறகு எப்போதும் கூடுதலாகத்தான் செலவாகிறது. கொதிகலனைப் பார்க்க வந்தவர் கொதிகலன் நன்றாக இருக்கிறது என்கிறார். இந்தக் குண்டுச் சோதனையே ஏமாற்றா? மலர் பாப்பாவுக்கு வந்த 18 என்பது எங்கள் கணக்கில் எவ்வளவு?

---

கல்பனா எழுதியது:

முருகேசன் அண்ணா, சோதனை ஏமாற்று இல்லை. தனியார் எரிபொருள் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன், இந்தக் கேள்வி எங்களுக்கு அடிக்கடி வரும். மலரின் 18.00 உங்கள் கணக்கில் கிலோவுக்கு 4,302 கிலோகலோரி. உங்கள் ரிப்போர்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். "உலர் நிலையில்" என்று இருக்கிறதா?

---

அரிசி_ஆலை_முருகேசன் எழுதியது:

இருக்கிறதும்மா. டிரை பேசிஸ் என்று போட்டிருக்கிறார்கள்.

---

கல்பனா எழுதியது:

அதுதான். விறகில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை என்று வைத்துக்கொண்டு சொன்ன மதிப்பு அது. உங்கள் முற்றத்தில் இறங்கும் விறகில் 20 சதவீதம் ஈரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ என்று நீங்கள் எடை போடுவதில் 800 கிராம்தான் மரம். 4,600 அங்கேயே 3,680 ஆகிவிடும்.

இதற்கு மேலும் ஒரு குறைப்பு இருக்கிறது. மரத்தில் ஹைட்ரஜன் உண்டு, உலர்ந்த மரத்தில் 6 சதவீதம் அளவுக்கு. அது எரிந்தால் தண்ணீர் உண்டாகும். உங்கள் ஒரு கிலோ விறகில் அப்படி உண்டாகும் தண்ணீர் ஏறக்குறைய 430 கிராம். ஏற்கெனவே இருந்த ஈரம் 200 கிராம். ஆக 630 கிராம் தண்ணீர். குண்டுக்குள் இந்த நீராவி முழுவதும் குளிர்ந்து மறுபடி தண்ணீராகிவிடும், ஏனென்றால் அங்கே கடைசி வெப்பநிலை 29 டிகிரிதான். ஆவியாகப் போன வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். நாங்கள் ஓட்டம் தொடங்கும்போதே குண்டின் அடியில் ஒரு மில்லி தண்ணீர் விடுவோம். உள்ளே இருக்கும் இடம் முதலிலேயே நீராவியால் நிறைந்துவிடும், எரியும்போது புதிதாக உண்டாகும் நீராவி அத்தனையும் தண்ணீராக வேண்டியதுதான்.

உங்கள் கொதிகலனில் அப்படி நடக்காது. நீராவி சூடாகவே புகைபோக்கி வழியாக வெளியே போகிறது. 630 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 367 கிலோகலோரி எடுத்துக்கொள்ளும், அது உங்களுக்குக் கிடைக்காது. 3,680 இல் அதைக் கழித்தால் 3,310 பக்கம் வரும். 4,600 போட்டுக் கணக்குப் பார்த்த இடத்தில் 3,310 போட்டுப் பாருங்கள். புகையோடு போகும் மற்ற வெப்ப இழப்பெல்லாம் இதற்கும் மேலே தனி.

விற்கிறவர் பொய் சொல்லவில்லை, ஆனால் உங்களுக்கு வேண்டிய எண்ணைக் கொடுக்கவில்லை. அடுத்த லோடு இறங்கும்போது நடு லாரியில் இருந்தும் அடியில் இருந்தும் துண்டுகள் எடுத்து, காற்றுப் புகாத பையில் கட்டி அனுப்புங்கள். இறங்கிய நிலையில் ஈரப்பதமும் நிகர கலோரி மதிப்பும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

---

அரிசி_ஆலை_முருகேசன் எழுதியது:

ஆயிரத்து முந்நூறு கலோரி இப்படிப் போகிறதா! மழைக்காலத்தில் விறகு இன்னும் இழுப்பதும் இதனால்தான் போல. கோடையிலேயே வாங்கி ஷெட்டில் அடுக்கிவைத்தால் மிச்சமாகும் என்று தோன்றுகிறது. ரொம்ப நன்றிம்மா.

---

மலர்விழி எழுதியது:

ஐயா கேட்ட ஈரப்பதம்: முதல் நாள் காலையில் 105 டிகிரி அடுப்பில் எடுத்தேன், 7.0 சதவீதம். மறுநாள் எடுக்கவில்லை, அதே தூள்தானே என்று விட்டுவிட்டேன். முதல் நாள் இரவு நல்ல மழை. டப்பா மூடி இறுக்கமாக இருந்ததாக உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் வில்லை சரியாகப் பிடிக்கவில்லை, ஓரம் உதிர்ந்தது. உதிர்ந்ததையும் க்ரூசிபிளிலேயே சேர்த்து எடை போட்டேன். குண்டைத் திறந்தபோது க்ரூசிபிளின் ஓரத்திலும் மூடியின் உள்பக்கத்திலும் கொஞ்சம் கறுப்பாக இருந்தது. முதல் நாள் வெள்ளைச் சாம்பல் மட்டும்தான்.

---

கல்பனா எழுதியது:

கறுப்பு இருந்தது என்றால் அந்த ஓட்டத்தையே தள்ளிவிட வேண்டும் மலர். எங்கள் லேபில் திறந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். கரி இருந்தால் அங்கே எரியாத எரிபொருள் மிச்சம் இருக்கிறது என்று பொருள். எண் எவ்வளவு அழகாக வந்தாலும் ரிப்போர்ட்டில் ஏறாது.

உடனே ஆக்சிஜன் போதவில்லை என்று நினைத்து அழுத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள். உங்கள் குண்டின் கொள்ளளவு 340 மில்லி பக்கம் இருக்கும். 30 வளிமண்டலத்தில் அதற்குள் 13 கிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிராம் மரத்துக்கு ஒன்றரை கிராமுக்கும் குறைவாகவே தேவை. குறை ஆக்சிஜனில் இல்லை. உதிரித் தூள் சட்டென்று பற்றி எரியும்போது எழும் வாயு, பக்கத்தில் இருக்கும் துகள்களைத் தூக்கி எறிந்துவிடும். குளிர்ந்த ஸ்டீலில் போய் ஒட்டியதும் அவை அணைந்து கரியாக நின்றுவிடும். வில்லை இறுக்கமாக இருந்தால் மேற்பரப்பில் இருந்து படிப்படியாக எரியும்.

மரத்தூள் வில்லை பிடிக்காவிட்டால், பென்சாயிக் அமிலத்தையே எடை போட்டுக் கலந்து அழுத்தலாம். அதன் வெப்பத்தைக் கழித்துவிட வேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்து 1.1 கிராமைத் தாண்டக் கூடாது. எரியும்போது உள்ளே அழுத்தம் பல மடங்கு ஏறும். மூடியின் மரையில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக் கூடாது. பற்றவைத்து அரை நிமிடமாவது கருவியின்மேல் குனிந்து பார்க்காதீர்கள்.

இன்னொரு யோசனை. ஆக்சிஜன் நிரப்பும்போது ஒருமுறை நிரப்பி, வெளியே விட்டு, மறுபடி நிரப்புங்கள். உள்ளே சிக்கிய காற்றில் இருக்கும் நைட்ரஜன் போய்விடும். அமிலத் திருத்தமே ஏறக்குறைய இல்லாமல் போகும்.

---

அனல்நிலையம்_ஓய்வு எழுதியது:

கரி பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காற்றை வெளியேற்றுவதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை, கல்பனா. நிலக்கரியில் கந்தகம் இருக்கும். அது முழுவதும் கந்தக அமிலமாக மாறினால்தான் திருத்தம் சரியாகப் போட முடியும். அந்த மாற்றத்துக்கு உள்ளே உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள் உதவுகின்றன. அதனால் நாங்கள் காற்றை வெளியேற்றவே மாட்டோம். மேலும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வெளியேறுகிறது என்று யார் உறுதி சொல்வது? மொத்தத் திருத்தமே 40 ஜூல். அதை நீக்கப் போய்ப் புதிய வேறுபாட்டைக் கொண்டுவரக் கூடாது.

---

கல்பனா எழுதியது:

நிலக்கரிக்கு நீங்கள் சொல்வது பொருந்தும் ஐயா. மரத்தில் கந்தகம் மிகக் குறைவு, அந்தக் காரணம் இங்கே வராது. எங்கள் தானியங்கிக் கருவி வால்வை நேரம் பார்த்துத் திறந்து மூடுகிறது, அளவு மாறுவதில்லை. கையால் செய்யும்போது மாறலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

அனல்நிலையம்_ஓய்வு எழுதியது:

சரி, அது அவரவர் லேப் பழக்கம். மலர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பென்சாயிக் அமிலத்துக்கும் மரத்தூளுக்கும் அதையே செய்தால் போதும்.

இப்போது ஈரத்துக்கு வருவோம். 7 சதவீத ஈரத்தோடு 18.00 என்றால், ஈரமே இல்லாத மரத்துக்கு 18.00 ஐ 0.93 ஆல் வகுத்தால் 19.35. அந்தத் தூள் இரவில் ஈரம் இழுத்து 12 சதவீதம் ஆகியிருந்தால், 19.35 இல் 88 சதவீதம் 17.03. உங்கள் இரண்டாம் நாள் எண் அப்படியே விழுகிறது. மழை இரவில் திறந்த டப்பாவில் மரத்தூள் அந்த அளவுக்கு இழுப்பதில் ஆச்சரியமில்லை. நிலக்கரியில் இதே கதையைப் பல முறை பார்த்திருக்கிறேன். 2012 முதல் நம் நாட்டில் நிலக்கரித் தரம் மொத்த கலோரி மதிப்பை வைத்துப் பிரிக்கப்படுகிறது, ஒவ்வொரு படிக்கும் இடையே 300 கிலோகலோரி. உங்கள் இரண்டு எண்ணுக்கும் வேறுபாடு 232 கிலோகலோரி. நிலக்கரியாக இருந்தால், ஈரத்தால் மட்டும் ஒரு படி இறங்கிவிடக்கூடிய தூரம். இறங்கினால் விலையே மாறும். அதனால்தான் ஈரமும் கலோரியும் ஒரே நாளில், ஒரே டப்பாவில் இருந்து, அடுத்தடுத்து எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்போம்.

மீதித் தூள் இருந்தால் இன்றே ஈரம் எடுங்கள்.

---

செல்வம் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். ஈரம் என்பது வெறும் தண்ணீர். அது ஆவியாக வெப்பம் எடுத்தாலும், குண்டுக்குள் மறுபடி தண்ணீராகித் திருப்பிக் கொடுத்துவிடுகிறது என்று கல்பனா சொன்னார். அப்படியானால் ஈரம் கூடினால் குண்டில் ஏன் மதிப்பு குறைய வேண்டும்?

---

கல்பனா எழுதியது:

நல்ல கேள்வி. ஆவியாக்கும் வெப்பத்தால் குறையவில்லை, அது திரும்பி வந்துவிடுகிறது. ஒரு கிராம் என்று எடை போட்டதில் எரியக்கூடியது குறைந்துவிட்டது, அவ்வளவுதான். தண்ணீரையும் மரம் என்று சேர்த்து வகுக்கிறோம். அதனால்தான் குண்டில் ஒரே ஒரு குறைப்பு. முருகேசன் அண்ணாவின் கொதிகலனில் இரண்டும் சேர்ந்து அடிக்கிறது.

---

மலர்விழி எழுதியது:

ஈரம் எடுத்துவிட்டேன். டப்பாவை இரண்டாம் நாள் ஓட்டம் முடிந்ததுமே நன்றாக மூடி டெசிகேட்டருக்கு வெளியேதான் வைத்திருந்தேன், அதனால் பெரிதாக மாறியிருக்காது என்று நினைக்கிறேன். வந்தது 11.2 சதவீதம். ஐயா சொன்ன 12 இல்லை. அந்தக் கணக்குப்படி 18.00 ஐ 0.93 ஆல் வகுத்து 0.888 ஆல் பெருக்கினால் 17.19 வர வேண்டும். எனக்கு வந்தது 17.03. இன்னும் 0.16 கிலோஜூல் பாக்கி இருக்கிறது. இது கரியாக இருக்குமா?

---

கல்பனா எழுதியது:

கரிதான் என்று நினைக்கிறேன். ஒரு வில்லைக்கு 160 ஜூலுக்குக் கொஞ்சம் மேலே குறைகிறது. சுத்தமான கார்பன் எரிந்தால் கிராமுக்கு 32.8 கிலோஜூல். ஆக 5 மில்லிகிராம் கரி எரியாமல் நின்றிருந்தால் போதும். க்ரூசிபிள் ஓரத்திலும் மூடியிலும் கண்ணுக்குத் தெரிகிற கறுப்பு என்றால் 5 மில்லிகிராம் இருப்பது சாத்தியம்தான்.

---

அனல்நிலையம்_ஓய்வு எழுதியது:

இருக்கலாம், ஆனால் நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். நிலக்கரிக்கு ஐ.எஸ்.ஓ. 1928 தரநிலையில், ஒரே ஆள் ஒரே கருவியில் எடுக்கும் இரண்டு ஓட்டங்களுக்கு இடையே கிராமுக்கு 120 ஜூல் வரை வேறுபாடு அனுமதி. இங்கே பாக்கி 160. நல்ல நிலக்கரி லேபில் நடக்கக்கூடிய சிதறலைவிடக் கொஞ்சம்தான் கூட. தூளை எடை போட்டதில் இருந்து பற்றவைக்கும்வரை இடையில் ஈரம் மாறியிருக்கலாம், 11.2 என்ற அளவிலும் பிழை இருக்கலாம். 0.8 சதவீத ஈரத்திலேயே இந்த 160 ஜூல் ஒளிந்துகொள்ளும். கரியை எடை போடாத நிலையில் இரண்டையும் பிரிக்க வழியில்லை.

---

கல்பனா எழுதியது:

கறுப்பைக் கண்ணால் பார்த்திருக்கிறார் ஐயா. ஈரப் பிழை என்பது ஊகம். நான் கரி பக்கம்தான்.

---

மலர்விழி எழுதியது:

இரண்டாம் நாள் ஓட்டத்தைக் கைவிடுகிறேன், சராசரியும் எடுக்கப் போவதில்லை. மீதித் தூளை அடுப்பில் உலர்த்தி டெசிகேட்டரில் வைத்திருக்கிறேன். உலர் நிலையில் 19.35 வருகிறதா என்று பார்க்கப் போகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: உலர்த்திய தூள் இன்னும் உதிரியாக இருக்கிறது, வில்லையே பிடிக்க மறுக்கிறது.

---

அனல்நிலையம்_ஓய்வு எழுதியது:

முற்றிலும் உலர்ந்த மரத்தூள் அப்படித்தான், கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் பிடிக்கும். அதோடு தராசில் வைத்த நொடியில் இருந்து ஈரம் இழுக்கத் தொடங்கிவிடும், எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். உலர்த்தி எரிக்காதீர்கள். தூளைத் தட்டில் பரப்பி, அறைக் காற்றோடு சமநிலைக்கு வரவிடுங்கள். எடை மாறாமல் நின்றதும் ஒரு பங்கை அடுப்புக்கும் ஒரு பங்கை வில்லைக்கும் ஒரே நேரத்தில் எடுங்கள். கலோரியை அந்த ஈரத்தோடு அளந்து, உலர் நிலைக்குக் கணக்கில் மாற்றுங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் க்ரூசிபிளை எடை போடுங்கள், சாம்பல் எவ்வளவு என்று தனியாகத் தெரிந்தால் மிச்சம் கரியா இல்லையா என்பது அப்போது தெரியும்.

---

கல்பனா எழுதியது:

மூடியின் உள்பக்கத்தையும் எடை தெரிந்த வடிதாளால் துடைத்து எடுங்கள் மலர். க்ரூசிபிளைவிட்டுத் தெறித்தது அங்கேதான் இருக்கும், க்ரூசிபிள் எடையில் வராது.